அண்ணன் கையெழுத்து மட்டும் போதுமா? பலருக்குப் பங்குள்ள வீட்டில் வாடகைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அப்பா கட்டிய வீடு. அப்பா இப்போது இல்லை. பிள்ளைகள் இன்னும் பாகம் பிரித்துக்கொள்ளவில்லை. உள்ளூரில் இருக்கும் ஒரு பிள்ளை வீட்டைப் பூட்டி வைக்க மனமில்லாமல் வாடகைக்கு விடுகிறார். தமிழ்நாட்டில் வாடகை வீடு தேடும் எவரும் இப்படி ஒரு வீட்டு வாசலில் நின்றிருப்பார்கள். அந்த இடத்தில் எழும் கேள்விகளுக்கு, தமிழ்நாட்டில் நடப்பில் உள்ள சட்டத்தை வைத்து இங்கே பதில் சொல்கிறேன்.

வீடு மூன்று பேருக்குச் சொந்தம். அண்ணன் மட்டும்தான் அக்ரிமென்ட் போடுகிறார். மற்ற இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் குடிபோகலாமா?

போகலாம். எல்லாப் பங்குதாரரும் கையெழுத்துப் போட்டால்தான் வாடகை ஒப்பந்தம் செல்லும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தால் உங்களுக்கு எவ்வளவு உரிமை வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பாகம் பிரிக்காத சொத்தில் "இந்த அறை அண்ணனுக்கு, அந்த அறை தம்பிக்கு" என்ற பேச்சே கிடையாது. வீட்டின் ஒவ்வொரு செங்கல்லிலும் மூவருக்கும் உரிமை உண்டு. அதனால்தான் ஒருவர் தனியாக முன்னே நின்று வீட்டைப் பார்த்துக்கொள்ளவும், வாடகைக்கு விடவும், வாடகை வாங்கவும் முடிகிறது. மற்றவர்கள் இதைத் தெரிந்தே சும்மா இருந்தால், அவர்களுடைய சம்மதமும் அதில் இருப்பதாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படும்.

மற்றவர்களுக்குச் சம்மதமே இல்லை என்றால்தான் கதை மாறுகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 44-ஆம் பிரிவில், பங்குதாரர்களில் ஒருவர் தன் பங்கையோ அதில் உள்ள உரிமையையோ மாற்றிக் கொடுத்தால், வாங்குபவர் அந்த ஒருவரின் இடத்தில்தான் நிற்கிறார் என்கிறது. அண்ணனுக்கு மூன்றில் ஒரு பங்குதான் என்றால், அண்ணன் மட்டும் கொடுத்த வாடகை உரிமையும் அந்த ஒரு பங்கின் பலத்தில்தான் நிற்கும். தனக்கு இல்லாததை அண்ணனால் உங்களுக்குக் கொடுக்க முடியாது.

ஆகவே உங்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இந்த வீட்டில் எவ்வளவு பணத்தை முடக்கப் போகிறீர்கள்? மாதம் 10,000 ரூபாய் வாடகை, இரண்டு மூன்று மாத அட்வான்ஸ் என்றால் ஒருவர் கையெழுத்தோடு போவதில் பெரிய ஆபத்து இல்லை. 8 லட்சம், 10 லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்து "லீஸ்" எடுப்பதாக இருந்தால் அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டுவரி ரசீது இறந்துபோன அப்பா பெயரில்தான் வருகிறது. யார் யாருக்குப் பங்கு என்று எனக்கு எப்படித் தெரியும்?

வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் யார் பெயரில் இருக்கின்றன என்பது உரிமையைக் காட்டாது. மூத்த மகன் தன் பெயருக்குக் கரண்ட் கனெக்‌ஷனை மாற்றியிருப்பார். அதைக் காட்டி "வீடு என் பேர்லதான் இருக்கு" என்பார். அவர் பொய் சொல்வதாக அர்த்தமில்லை, பல குடும்பங்களில் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் பணம் கட்டுகிறவர் பெயர்தான் அந்தக் காகிதத்தில் இருக்கும்.

முதலில் தாய்ப்பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். அது அப்பா பெயரில் இருந்தால், அடுத்த கேள்வி அவர் உயில் எழுதி வைத்தாரா என்பது. இந்துக் குடும்பம், அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, உயில் இல்லை என்றால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவருடைய அம்மா எல்லோருக்கும் சமபங்கு. அவருக்கு முன்பே இறந்துவிட்ட மகனோ மகளோ இருந்தால் அவர்களுடைய குடும்பத்துக்கும் அந்தப் பங்கு உண்டு. இஸ்லாமிய, கிறித்தவக் குடும்பங்களில் பங்குக் கணக்கு வேறு. ஆனால் ஒருவர் மற்றவர் பங்கைத் தன் இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது என்பது எல்லோருக்கும் பொதுவானது.

இங்கே பெரும்பாலும் விட்டுப்போவது கல்யாணமாகிப் போன மகள்தான். "தங்கச்சிக்கு அப்பவே நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பிட்டோம்" என்று சொல்வார்கள். நகை போட்டதால் அவர் பங்கு போய்விடாது. அவர் விட்டுக்கொடுத்திருந்தால் அதற்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். அது இருந்தால் வில்லங்கச் சான்றில் தெரியும். tnreginet.gov.in தளத்தில் நீங்களே வில்லங்கம் பார்க்கலாம். பாகப்பிரிவினை, விடுதலை, பதிவு செய்த அடமானம் எல்லாம் அதில் வரும்.

வாரிசுகள் யார் யார் என்பதற்குத் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றைப் பாருங்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்று அதில் இருக்காது. ஆனால் எத்தனை பேர் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மாத வாடகைக்குப் போகிறவர் இவ்வளவும் கேட்டால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், எனக்கும் தெரியும். மாத வாடகைக்குப் போகிறவர் குறைந்தது "கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், வீடு பாகம் பிரித்தாயிற்றா" என்று மட்டுமாவது கேட்டுவிட வேண்டும். லீஸுக்குப் போகிறவர் மூன்று காகிதமும் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது.

குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டுக்காரரின் தங்கை வந்து "எனக்கும் பங்கு இருக்கு, நான் சம்மதிக்கல, காலி பண்ணுங்க" என்கிறார். நான் காலி செய்ய வேண்டுமா?

அவர் வாசலில் வந்து சொன்னதற்காகக் காலி செய்ய வேண்டியதில்லை. நீங்கள் அத்துமீறி நுழைந்தவர் அல்ல. ஒரு பங்குதாரர் உங்களைக் குடிவைத்திருக்கிறார், அவருக்கு அந்த வீட்டில் இருக்க எவ்வளவு உரிமையோ அந்த அளவு உரிமை அவர் வழியாக உங்களுக்கும் இருக்கிறது. தங்கைக்குச் சட்டம் காட்டும் நேரான வழி பாகப்பிரிவினை வழக்கு. அதோடு, அண்ணன் இதுவரை வாங்கிய வாடகையில் தன் பங்கைக் கணக்குக் கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. அது அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையிலான கணக்கு.

அந்த வழக்கு வந்தால் உங்களையும் ஒரு பிரதிவாதியாகச் சேர்க்கலாம். பயப்பட வேண்டாம், ஆனால் நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். இறுதித் தீர்ப்பில் நீங்கள் இருக்கும் பகுதி உங்களைக் குடிவைத்த அண்ணனுக்கு வந்தால் அவருடைய வாடகைதாரராகத் தொடர்வீர்கள். தங்கைக்கு வந்தால், அவர் சம்மதிக்காத ஒப்பந்தம் அவரைக் கட்டாது. அப்போது அவரோடு புதிதாகப் பேச வேண்டும், இல்லையென்றால் வெளியேற வேண்டும்.

ஒரு நிலைமை மட்டும் வேறு. அது குடும்பம் இன்னும் சேர்ந்து வாழும் வீடாக இருந்து, உள்ளே அம்மாவோ தங்கையோ வசித்துக்கொண்டிருக்கும்போது, அவர்களை மீறி அண்ணன் வெளியாளை உள்ளே கொண்டுவருவது. பிரிக்கப்படாத குடும்பம் குடியிருக்கும் வீட்டில் ஒருவரின் பங்கை வாங்கிய வெளியாள், கூடவே குடியிருக்கும் உரிமையைக் கேட்க முடியாது என்று அதே 44-ஆம் பிரிவின் இரண்டாம் பத்தி சொல்கிறது. அது பங்கை வாங்கியவரைப் பற்றிய விதிதான். ஆனாலும் அந்த அடிப்படையில் வீட்டில் இருப்பவர்கள் நீதிமன்றத்தில் தடையாணை கேட்டால் அது வலுவான வாதமாக இருக்கும். வீடு பார்க்கப் போகும்போது கீழ்த்தளத்தில் ஒரு வயதான அம்மா கதவைத் திறந்து "யாரைக் கேட்டு வாடகைக்கு விடுறான்?" என்று கேட்டால், அட்வான்ஸை எடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

இப்போது அண்ணன் ஒருபக்கம், தங்கை ஒருபக்கம் வாடகை கேட்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது? இரண்டு முறை கட்ட வேண்டி வருமா?

இதுவரை அண்ணனிடம் நல்லெண்ணத்தோடு கொடுத்த வாடகையை யாரும் உங்களிடம் மறுபடி கேட்க முடியாது. சொத்து மாற்றச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. யாரிடமிருந்து நம்பிக்கையோடு இடத்தைப் பெற்றீர்களோ அவருக்கே நம்பிக்கையோடு வாடகை கொடுத்துவிட்டால், பிறகு அவருக்கு வாங்கும் உரிமை இல்லை என்று தெரிய வந்தாலும் நீங்கள் பொறுப்பல்ல. கொடுத்ததற்கு அத்தாட்சி மட்டும் வேண்டும். அதனால்தான் வாடகையைக் கையில் கொடுக்காதீர்கள், கூகுள் பேயோ வங்கியோ எதிலாவது அனுப்புங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். குறிப்பில் "ஜூன் வாடகை, மாடி" என்று எழுதினால் போதும்.

தங்கை எழுத்தில் தெரிவித்த பிறகு "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் வழி அடைபடுகிறது. ஆனாலும் ஒப்பந்தம் அண்ணனோடுதான் இருக்கிறது. அவருக்கு வாடகையை நிறுத்தினால் அவர் பாக்கியைக் காரணம் காட்டி உங்களைக் காலி செய்ய வைக்க முடியும். இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் செய்யும் பெரிய தவறு, "ரெண்டு பேரும் பேசி முடிங்க, அப்புறம் தர்றேன்" என்று பணத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வது. நான்கு மாதத்தில் அந்தப் பணம் செலவாகிவிடும், நீங்கள் பாக்கிக்காரர் ஆகிவிடுவீர்கள்.

இருவருக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "உங்கள் இருவரிடமிருந்தும் வாடகைக் கோரிக்கை வந்திருக்கிறது. யாருக்குச் செலுத்த வேண்டும் என்று இருவரும் கையெழுத்திட்டு 15 நாளில் தெரிவியுங்கள்" என்று இருந்தால் போதும். பதில் ஒத்துவந்தால் சரி. இல்லையென்றால், யாருக்கு வாடகை தருவது என்று தீர்மானிக்க முடியாத வாடகைதாரர் அதை வாடகை அதிகாரியிடம் கட்டுவதற்குத் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் வழி இருக்கிறது. பாகப்பிரிவினை வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், அந்த நீதிமன்றத்திலேயே கட்ட அனுமதி கேட்கலாம். பணம் உங்கள் கையில் இல்லை, ஆனால் நீங்கள் பாக்கியும் வைக்கவில்லை. இந்த இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

அண்ணன் ஒரே உரிமையாளர் இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. அந்தக் காரணத்தைச் சொல்லி வாடகையை நிறுத்தலாமா?

முடியாது. ஒருவரை வீட்டுக்காரராக ஏற்று உள்ளே வந்தவர், உள்ளே இருந்துகொண்டே "உனக்கு உரிமை இல்லை" என்று வாதாட முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அது 122-ஆம் பிரிவு. வாடகைக்கு விடுகிறவர் முழு உரிமையாளராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

மாத வாடகை இல்லை, 9 லட்சம் கொடுத்து மூன்று வருஷம் லீஸ். வீட்டுக்காரர் ஒருத்தர் மட்டும் 100 ரூபாய் ஸ்டாம்பு பேப்பரில் கையெழுத்துப் போட்டுத் தருகிறார், நோட்டரியும் போடுகிறார். போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் நான் ரொம்பவும் கவலைப்பட்டு எழுதும் பதில் இதுதான். வாழ்நாள் சேமிப்பு போவது இங்கேதான்.

நம் ஊரில் "லீஸ்" என்று சொல்வது சட்டப் புத்தகத்தில் உள்ள குத்தகை அல்ல. மொத்தத் தொகையைக் கொடுத்து, வாடகையில்லாமல் இருந்து, கெடு முடிந்ததும் தொகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவது. பழைய பெயர் போக்கியம், ஒத்தி. கொடுத்த கடனுக்கு ஈடாக வீட்டின் அனுபோகத்தை எடுத்துக்கொள்வதால் அது உண்மையில் ஒரு வகை அடமானம். 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கடனுக்கான இத்தகைய அடமானம், பதிவு செய்த பத்திரமாகவும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டதாகவும் இருக்க வேண்டும் என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு கேட்கிறது. நோட்டரி முத்திரை பதிவுக்கு ஈடாகாது.

பதிவு செய்யாத காகிதத்தால் வீட்டின் மீது உங்களுக்கு எந்தப் பிடியும் இல்லை. கையெழுத்துப் போட்டவரிடம் "என் பணத்தைத் திருப்பித் தா" என்று கேட்கும் உரிமை மட்டும்தான் மிஞ்சும். பதிவே செய்திருந்தாலும் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் அந்த அடமானம் அவருடைய பங்கை மட்டும்தான் பிடிக்கும்.

ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். அப்பா உயில் இல்லாமல் இறந்துவிட்டார். அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். நால்வருக்கும் காலே காலே பங்கு. அம்மா சின்ன மகனோடு வெளியூரில் இருந்தார். மூத்தவர் மாடி வீட்டை 9 லட்சத்துக்கு மூன்று வருஷ லீஸாகக் கொடுத்தார். குடிவந்தவர் தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். மனைவியின் நகையை விற்று 4 லட்சம், மீதி சீட்டுப் பணம். மூத்தவர் அந்தத் தொகையைத் தன் கடையில் போட்டார். தம்பிக்கும் தங்கைக்கும் "வாடகைக்கு விட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

பதினான்காவது மாதம் தங்கை பாகம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். அப்போதுதான் லீஸ் தொகை வெளியே வந்தது. "நாங்கள் வாங்காத பணத்தை நாங்கள் ஏன் தர வேண்டும்?" என்று மற்ற மூவரும் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது, சட்டமும் அவர்கள் பக்கம் இருந்தது. குடியிருந்தவர் கையில் இருந்தது ஒரு ஸ்டாம்பு பேப்பர் மட்டும். வீட்டில் கால் பங்குதான் மூத்தவருடையது. அந்தக் கால் பங்கின் மீதும் பதிவு செய்த அடமானம் இல்லை.

கடைசியில் வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்வது என்று முடிவாகி, 64 லட்சத்துக்கு விலை பேசினார்கள். ஆளுக்கு 16 லட்சம். பத்திரம் பதியும் அன்று மூத்தவரின் 16 லட்சத்திலிருந்து 9 லட்சத்துக்குக் குடியிருந்தவர் பெயரில் நேரே டிடி எடுத்துக் கொடுக்க வைத்தார்கள். வீட்டைக் காலியாக ஒப்படைக்க அவர் கையெழுத்து வாங்குபவருக்குத் தேவைப்பட்டது, அதனால் அது நடந்தது. நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அந்த டிடி கைக்கு வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. மூத்தவர் தன் பங்கை முன்பே வேறொருவருக்குப் பதிவு செய்து அடமானம் வைத்திருந்தால், அந்த 9 லட்சத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

லீஸுக்குப் போவதென்றால் எல்லா வாரிசும் கையெழுத்திட்ட, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரம் வேண்டும். "பதிவுக்குச் செலவாகும்" என்று வீட்டுக்காரர் தயங்கினால் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் தயங்கினால் காரணம் செலவு இல்லை. தொகையை ஒரே ஆள் கணக்கில் போடுவதானாலும், "இந்தத் தொகையை எங்கள் அனைவருக்காகவும் இவர் பெற்றுக்கொள்கிறார், திருப்பித் தர நாங்கள் அனைவரும் பொறுப்பு" என்ற வரி பத்திரத்தில் இருக்கட்டும்.

மாத வாடகைதான். ஆனாலும் மற்றவர்கள் சம்மதம் இருந்தால் நிம்மதி. அதற்காக எல்லோரையும் வரவழைத்துக் கையெழுத்து வாங்க முடியுமா?

வரவழைக்க வேண்டாம். சம்மதம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தம்பியின் கணக்குக்கு மாதாமாதம் பாதி வாடகை போகிறது, அவர் வாங்கிக்கொள்கிறார் என்றால் அதுவே சம்மதம்தான். ஆனால் எழுத்தில் இருந்தால் பிற்பாடு யாரும் மறுக்க மாட்டார்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்:

"கீழ்க்கண்ட முகவரியில் உள்ள வீட்டில் எனக்கும் பங்கு உண்டு. அதை என் அண்ணன் வாடகைக்கு விடுவதற்கும், எனக்கும் சேர்த்து வாடகையும் அட்வான்ஸும் பெற்று ரசீது தருவதற்கும் சம்மதிக்கிறேன்."

தேதி, கையெழுத்து, அடையாள அட்டை நகல். வெளியூரில் இருப்பவர் கையெழுத்திட்ட தாளைப் படம் எடுத்துத் தன் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பினாலும் ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். அண்ணன் தன் போனிலிருந்து அனுப்பினால் அதற்கு மதிப்புக் குறைவு.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்புறங்களில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை tenancy.tn.gov.in வழியாக வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். 11 மாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும், சார்பதிவாளர் பதிவு வேறு, இது வேறு. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமாக அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் இருக்கிறது. பங்குதாரர்கள் சண்டையில் எந்தப் பக்கம் ஜெயித்தாலும், ஒப்பந்தம் இல்லாத வாடகைதாரர்தான் முதலில் அடிபடுவார்.

ஒரு தங்கை சிங்கப்பூரில் இருக்கிறார். இறந்துபோன இன்னொரு அண்ணனுக்கு 13 வயது மகன். இவர்கள் பங்குக்கு யார் கையெழுத்துப் போடுவது?

சாதாரண வாடகைக்குத் தங்கையின் சம்மதக் கடிதம் போதும். பதிவு செய்யும் லீஸ் என்றால் அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதி அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். பவரில் "வாடகைக்கு விட" என்று மட்டும் இருந்தால் அதை வைத்து அடமானமோ போக்கியமோ எழுத முடியாது. வார்த்தையைப் படித்துப் பாருங்கள்.

பையன் பங்குக்கு அவனுடைய அம்மா காப்பாளராகக் கையெழுத்திடலாம். ஆனால் இந்துச் சட்டப்படி, 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதற்கும், பையன் 18 வயதை எட்டி ஓராண்டுக்கு மேலும் நீளும் குத்தகைக்கும், எவ்வளவு சின்னத் தொகையானாலும் அடமானத்துக்கும் நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் செய்ததைப் பையனோ அவன் சார்பில் வேறொருவரோ ரத்து செய்யக் கேட்கலாம். ஆக, வீட்டில் மைனர் பங்கு இருந்தால் லீஸ் தொகை கொடுக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு மாத வாடகையாகப் பேசுங்கள்.

அண்ணன் "இருங்க" என்கிறார். தம்பி மட்டும் தனியாக என்னைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறார். எல்லோரும் சேராமல் அவர் போட முடியுமா?

போட முடியும். ஒரு பங்குதாரரே மற்றவர்களைச் சேர்க்காமல் வாடகைதாரர் மீது வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1976-லேயே ஸ்ரீராம் பஸ்ரிச்சா வழக்கில் சொன்னது. மற்றவர்கள் எதிர்த்ததாகக் காட்டாதவரை அவர்கள் சம்மதம் இருப்பதாகவே கொள்ளப்படும் என்பது 2004-இல் வந்த இந்தியா அம்ப்ரெல்லா வழக்குத் தீர்ப்பு. "எல்லோரும் வரவில்லை, வழக்குச் செல்லாது" என்ற எதிர்வாதம் அதனால் நிற்காது.

உங்கள் நிலையில் அண்ணன் வெளிப்படையாக எதிர்க்கிறார், அதுதான் வித்தியாசம். அதை அவர் வாய்ப்பேச்சாக வைத்துக்கொண்டால் பயனில்லை, வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்ந்து முதலிலேயே சொல்ல வேண்டும். முதலில் சம்மதித்துவிட்டு நடுவழியில் "மனசு மாறிட்டேன்" என்றால், தம்பிக்கு அதற்குள் கிடைத்துவிட்ட உரிமையை அது பறிக்காது என்றும் அதே 2004 தீர்ப்பில் இருக்கிறது.

கடைக்கு இடம் பார்க்கிறேன். 9 வருஷத்துக்கு எடுத்து உள்ளே 12 லட்சம் செலவு செய்யப் போகிறேன். இங்கேயும் அதே விதிதானா?

விதி அதேதான், நஷ்டம்தான் பெரிது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்த பத்திரமாக, இரு தரப்பும் கையெழுத்திட்டதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 9 வருஷம் என்று எழுதியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது மாதாமாத வாடகைதான். சுவரில் பதித்த டைல்ஸை, ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றி எடுத்துப்போக முடியாது. எனவே எல்லாப் பங்குதாரரும் குத்தகை கொடுப்பவர்களாகவே பத்திரத்தில் வரட்டும். சாட்சியாக மட்டும் கையெழுத்துப் போட்டால் பங்கைக் கொடுத்ததாக ஆகாது. இந்த வேறுபாட்டை எழுதும் இடத்திலேயே கவனியுங்கள், ஏனென்றால் "தம்பியும் கையெழுத்துப் போட்டாரே" என்று பிறகு காட்டும்போது அது சாட்சிக் கட்டத்தில் இருப்பதைப் பலரும் அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள்.

பங்குதாரர்கள் சண்டையில் ஒருவர் "என் பங்கை நீங்களே வாங்கிக்குங்க" என்கிறார். வாங்கிவிட்டால் அப்புறம் என்னை யாரும் கிளப்ப முடியாதல்லவா?

அப்படி நினைத்து வாங்காதீர்கள். ஒரு பங்கை வாங்குவதால் வாடகைதாரர் என்ற நிலை மறைந்துவிடாது. மொத்த வீடும் உங்கள் கைக்கு வந்தால்தான் அது முடியும். உச்ச நீதிமன்றம் 2003-இல் லட்சுமிபதி வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பங்கை வாங்கிய பிறகும் மற்றவர்களுக்கு நீங்கள் வாடகைதாரர்தான், அவர்களுக்குரிய வாடகையை நிறுத்த முடியாது. வாங்கிய பங்கைத் தனியாகப் பெறப் பாகப்பிரிவினை வழக்கை நீங்களே நடத்த வேண்டியிருக்கும். பணம் கையில் இருந்து, வீடும் பிடித்திருந்தால், எல்லாப் பங்குதாரரையும் ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச் சொல்லி முழுவதையும் ஒரே பத்திரமாக வாங்குங்கள்.